சுழலும் மேடையில் ஒரு கணக்கு

30 சுற்று 59 சுற்றாவது எப்படி? விடை தெரிந்த மாணவர்கள் ஏராளம். அந்தக் கூடுதல் வேகத்தை யார் கொடுத்தார்கள் என்பதில்தான் தடுமாற்றம்

ஒரு மனிதன் சுழலும் மேடையில் நிற்கிறான். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டியிருக்கிறான். ஒவ்வொரு கையிலும் 5 கிலோ எடை. மேடை நிமிடத்துக்கு 30 முறை சுற்றுகிறது. அவன் கைகளை மடக்கி எடைகளை மார்பருகே கொண்டுவருகிறான். அச்சிலிருந்து 90 செ.மீ. தள்ளியிருந்த எடைகள் இப்போது 20 செ.மீ. தொலைவில் இருக்கின்றன. மனிதன், மேடை இரண்டையும் சேர்த்த நிலைமத் திருப்புத்திறன் 7.6 என்றும், அது மாறுவதில்லை என்றும் வைத்துக்கொள்ளலாம். புதிய வேகம் என்ன?

கோவா முதல் கவுகாத்தி வரை என்.சி.இ.ஆர்.டி. இயற்பியல் நூலை வைத்துப் படித்த 11-ம் வகுப்பு மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டுவந்த கணக்கு இது. நுழைவுத் தேர்வுப் பயிற்சி மையங்களின் கையேடுகளிலும் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டு இதே கணக்கு வந்துபோகும். போடுபவர்களில் பலர் சுழலும் மேடையைக் கண்ணால் பார்த்ததில்லை. மேடையில் நிற்கும் மனிதனும் அவர்களுக்கு மனிதனல்ல, இரண்டு புள்ளிகளும் ஒரு கோடும்தான். பிழைகள் பலவும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் கணக்கை முடித்துவிடலாம். நிலைமத் திருப்புத்திறன் என்ற நீளமான சொல்லைக் கண்டு மிரள வேண்டியதில்லை. ஒரு பொருளைச் சுழலவைப்பதும், சுழல்வதை நிறுத்துவதும் எவ்வளவு கடினம் என்பதன் அளவுதான் அது. எடை எவ்வளவு என்பது மட்டும் போதாது, அது அச்சிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தொலைவு இரு மடங்கானால் கடினம் நான்கு மடங்காகும். அதனால்தான் எடையைத் தொலைவின் வர்க்கத்தால் பெருக்குகிறோம். கைகள் நீண்டிருக்கும்போது இரண்டு எடைகளும் சேர்ந்து 10 கிலோ, தொலைவு 0.9 மீட்டர். அதன் வர்க்கம் 0.81. ஆக, எடைகளின் பங்கு 8.1. மனிதனும் மேடையும் 7.6. மொத்தம் 15.7. கைகள் மடங்கியதும் 0.2-இன் வர்க்கம் 0.04. எடைகளின் பங்கு வெறும் 0.4. மொத்தம் 8.

மேடையை வெளியிலிருந்து யாரும் முறுக்கவில்லை என்றால், இந்த எண்ணைச் சுழலும் வேகத்தால் பெருக்கி வருவது மாறாது. அதற்குப் பெயர் கோண உந்தம். 15.7-ஐ 30-ஆல் பெருக்கினால் 471. கைகளை மடக்கிய பிறகும் 471-தான் இருந்தாக வேண்டும். 471-ஐ 8-ஆல் வகுத்தால் 58.9. நிமிடத்துக்கு 59 சுற்று என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

இதே கணக்குக்கு 42 என்று விடை எழுதுபவர்களும் உண்டு. சுழலும் ஆற்றல் மாறாது என்று வைத்துக்கொண்டால் வருகிற விடை அது. 45 என்று விடை வந்தால் ஒரு கையில் இருந்த எடையை மறந்துவிட்டார்கள் என்று பொருள். 52 வந்தால் தொலைவை வர்க்கமாக்கவில்லை. விடைத்தாளைத் திருத்துபவருக்கு எண்ணைப் பார்த்ததுமே நோய் புரிந்துவிடும். இதில் பின்னிரண்டும் கவனக்குறைவு, சொன்னால் சரியாகிவிடும். 42 அப்படியல்ல. அது கருத்துப் பிழை. ஆற்றல் அழிவதில்லை என்று படித்த மாணவன், இங்கும் அதையே பிடித்துக்கொள்கிறான். அவனைக் குறை சொல்வதற்கு முன் அவன் கேட்கக்கூடிய கேள்விக்குப் பதில் வேண்டும். யாரும் தள்ளாத மேடை எப்படி வேகம் பெற்றது?

எடை இழந்தது, உடல் பெற்றது

பதில் 471 என்ற எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. அதை வரவுசெலவாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் எடைகளிடம் இருந்தது 8.1 பெருக்கல் 30, அதாவது 243. மனிதனும் மேடையும் வைத்திருந்தது 7.6 பெருக்கல் 30, அதாவது 228. பாதிக்கும் மேல் அந்த இரண்டு எடைகளின் கையில்தான் இருந்தது. மடக்கிய பிறகு எடைகளிடம் மிஞ்சுவது 24. உடலும் மேடையும் வைத்திருப்பது 447. எடைகள் இழந்த 219 அப்படியே உடலுக்கும் மேடைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. வெளியிலிருந்து ஒன்றும் வரவில்லை. வீட்டுக்குள்ளேயே பணம் கைமாறியிருக்கிறது.

கைமாறியது எந்த வழியாக? கைகள் வழியாகத்தான். 90 செ.மீ. தொலைவில் இருந்த எடை வினாடிக்கு 2.8 மீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருந்தது. அதே கணத்தில் மனிதனின் தோள் அச்சுக்கு அருகில் இருப்பதால் மெதுவாகத்தான் நகர்கிறது. வேகமாக ஓடும் ஒன்றை மெதுவாக ஓடும் இடத்துக்கு இழுத்தால், அது முந்திக்கொண்டு போகப் பார்க்கும். எடை கையை முன்னோக்கித் தள்ளுகிறது, கை தோளைத் தள்ளுகிறது, தோள் உடலைத் திருப்புகிறது. உடல் எடையைப் பின்னோக்கிப் பிடித்து நிறுத்துகிறது. சுழலும் முக்காலியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புத்தகம் இல்லாமலே தெரியும். நேராக மார்புக்கு இழுக்க நினைத்த கை, சுழலும் திசையில் பக்கவாட்டில் தள்ளப்படுவதை அவர்கள் உணர்ந்திருப்பார்கள்.

இங்கே பலரையும் வியக்கவைக்கும் ஒரு விவரம் இருக்கிறது. கைகளை மடக்கிய பிறகு அந்த எடைகள் வினாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில்தான் நகர்கின்றன. முன்பு 2.8. மேடையின் சுற்று வேகம் ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது, எடையின் வேகமோ பாதிக்கும் கீழே போய்விட்டது. எடை உள்ளே வந்ததும் வேகம் பிடிக்கிறது என்று வகுப்பில் பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுவது இந்தக் கணக்கைப் பொறுத்தவரை பொய். வேகம் பிடிப்பது உடலும் மேடையும். அவற்றுக்கு அந்த வேகத்தைக் கொடுத்துவிட்டு எடைகள் தளர்ந்துபோகின்றன.

ஆற்றலின் கணக்கு வேறு. அதில் உண்மையிலேயே புதிய வரவு இருக்கிறது. கைகள் நீண்டிருந்தபோது மொத்தச் சுழல் ஆற்றல் 77 ஜூல். மடக்கிய பிறகு 152. இரு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. (ஆற்றலைக் கணக்கிடும்போது மட்டும் நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற அளவை ரேடியனுக்கு மாற்றியாக வேண்டும். வேகத்துக்கு அது தேவையில்லை. தேவையில்லாத இடத்தில் மாற்றி, தேவையான இடத்தில் மறப்பது பரீட்சை அறையின் பழைய வழக்கம்.) கூடுதலான 75 ஜூலைக் கொடுத்தது மனிதனின் தசை. சுழலும் எடை வெளியே ஓடப் பார்க்கும். அதை உள்ளே இழுப்பது கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதைப் போன்ற வேலை. தொடக்கத்தில் ஒவ்வொரு கையும் சுமார் நாலரை கிலோ சுமையைத் தாங்கும் அளவுக்கு இழுக்க வேண்டும். பாதி வழியில், எடை அச்சிலிருந்து 50 செ.மீ. தொலைவில் வரும்போது அது 6 கிலோவுக்கு ஏறிவிடும். முடிவில் 4 கிலோவுக்குக் கீழே இறங்கும். நடுவில்தான் கடினம். மொத்தமாகப் பார்த்தால், இரண்டு எடைகளையும் தரையிலிருந்து முக்கால் மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவைக்கும் வேலைக்கு இது சமம்.

42 என்று எழுதிய மாணவன் இந்த வேலையைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆற்றல் அழியவும் இல்லை, தானாக முளைக்கவும் இல்லை. அது சாப்பாட்டிலிருந்து வந்தது. அவன் சுழலும் பொருளைப் பார்த்தான், இழுக்கும் மனிதனைப் பார்க்கவில்லை.

கை என்பது எடையில்லாததா?

இதுவரை பாடநூலின் மனிதன். இனி உண்மையான மாணவன். ஆய்வுக்கூடத்தில் சுழல் முக்காலியில் உட்கார்ந்தவனின் கையில் 5 கிலோ எடையைக் கொடுக்க மாட்டார்கள். கையை நேராக நீட்டி 5 கிலோவைச் சில வினாடிகள் பிடித்துப் பார்த்தால் காரணம் புரியும். தோள் கெஞ்சும். 1 கிலோ அல்லது 2 கிலோ டம்பெல் போதும். வேகமும் 30 சுற்று வேண்டாம், 20 போதும். அதாவது 3 வினாடிக்கு ஒரு சுற்று.

60 கிலோ எடையுள்ள மாணவன் என்று கொள்வோம். கைகளை விட்டுவிட்டு, உடல், கால், முக்காலியின் இருக்கை ஆகியவற்றின் நிலைமத் திருப்புத்திறன் தோராயமாக 1.5. ஒவ்வொரு கையும் உடல் எடையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு, அதாவது 3 கிலோ. இரண்டையும் நீட்டினால் அவற்றின் பங்கு சுமார் 1.4. மார்போடு சேர்த்து மடக்கினால் 0.2. இரண்டு கிலோ டம்பெல்கள் 80 செ.மீ. தொலைவில் 2.56, 20 செ.மீ. தொலைவில் 0.16. கூட்டினால் நீட்டிய நிலையில் 5.5, மடக்கிய நிலையில் 1.9. வேகம் 2.9 மடங்காகிறது. நிமிடத்துக்கு 20 என்று தொடங்கியவன் 58-ஐ எட்டுகிறான். 3 வினாடிக்கு ஒரு சுற்று, ஏறக்குறைய 1 வினாடிக்கு ஒரு சுற்றாகிறது.

இப்போது பாடநூல் சொன்னபடி உடல் மாறாது என்று வைத்து இதையே போட்டுப் பாருங்கள். கைகளையும் சேர்த்து உடல் 2.9, அது அப்படியே இருக்கிறது என்று கொண்டால் 5.5-க்கும் 3.1-க்கும் உள்ள விகிதம்தான் வரும். விடை 36 சுற்று. 36 எங்கே, 58 எங்கே! டம்பெல் இல்லாமல் வெறுங்கையோடு மடக்கினாலே வேகம் 20-லிருந்து 34-க்குப் போய்விடும் என்பதுதான் உண்மை. கதக் நடனத்தில் சக்கர் எடுக்கும் கலைஞர் விரித்த கையை மார்புக்கு நேரே கொண்டுவரும்போது அவர் கையில் எந்த எடையும் இல்லை. கையே எடை.

அப்படியானால் பாடநூல் கணக்கு தவறா? அங்கேதான் 7.6 என்ற எண்ணை உற்றுப் பார்க்க வேண்டும். கைகளை நீட்டி நிற்கும் ஒரு மனிதனின் நிலைமத் திருப்புத்திறன் இரண்டரைக்குப் பக்கத்தில்தான் இருக்கும். மீதி 5 மேடையுடையது. 1 மீட்டர் குறுக்களவும் 40 கிலோ எடையும் கொண்ட வட்டப் பலகைக்கு அந்த அளவு வரும். ஆக, பாடநூல் மனிதன் நிற்பது கனமான மேடையில். அந்தக் கனத்தில் கைகளின் மாற்றம் ஓரளவு அமுங்கிப்போகிறது. ஓரளவுதான். கை மடங்குவதால் 7.6 என்பது 6.4 ஆகிறது என்று வைத்துப் போட்டால் 59-க்குப் பதிலாக 69 வருகிறது. மாறாது என்று வைத்துக்கொள்ளலாம் என்ற ஒரு சிறு வாக்கியம் 10 சுற்றுகளை விழுங்கியிருக்கிறது. பரீட்சையில் 59 எழுதுங்கள், அதுதான் கேட்ட கேள்விக்குச் சரியான விடை. ஆனால் அந்த வாக்கியம் சலுகைதானே தவிர உண்மையல்ல என்பதை ஆசிரியர் சொல்லிவிடுவது நல்லது.

கணக்கில் சரியாக இருந்து உடம்பில் நடக்காத கணக்குகளும் உண்டு. ஐ.ஐ.டி. ஆசைகொண்ட மாணவர்களின் மேசையில் தவறாமல் இருக்கும் எச்.சி.வர்மாவின் நூலில் ஒரு சிறுவன் நிமிடத்துக்கு 120 சுற்று சுழலும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கனமான பந்துகளை உள்ளே இழுத்து நிலைமத் திருப்புத்திறனை 6-லிருந்து 2-க்குக் குறைக்கிறான். வேகம் மூன்று மடங்காகி 360 சுற்றாகிறது. வினாடிக்கு ஆறு சுற்று. கோட்பாட்டைக் கற்பிக்க மிகத் தெளிவான எண்கள். ஆனால் 120 சுற்றில் 80 செ.மீ. தொலைவிலிருக்கும் 5 கிலோ பந்தைப் பிடித்திருக்கவே ஒரு கைக்கு 64 கிலோ தூக்கும் பலம் வேண்டும். அந்தச் சிறுவனைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

முக்காலியில் உட்காரும் முன்

பள்ளியில் செய்து பார்க்க நினைப்பவர்கள் அலுவலகத்தின் சக்கர நாற்காலியை நம்ப வேண்டாம். அதன் அச்சுத்தண்டில் உராய்வு அதிகம், கீழே உள்ள சக்கரங்களும் நகர்ந்துவிடும். தரையில் அசையாமல் நிற்கும் அடிப்பகுதியும், குண்டு பேரிங் பொருத்திய இருக்கையும் வேண்டும். உட்காருபவரின் கால் தரையைத் தொடக் கூடாது. கால் நுனி ஒருமுறை உரசினாலே அது வெளியிலிருந்து வந்த முறுக்கு, கோண உந்தம் மாறாது என்ற பேச்சுக்கு அப்புறம் இடமில்லை. புவியீர்ப்பும் இருக்கையின் தாங்கலும் இருக்கின்றனவே என்று மாணவர்கள் கேட்பது நியாயம். அவை செங்குத்தாக மேலும் கீழும் செயல்படுகின்றன. அச்சைச் சுற்றித் திருப்பும் வேலையை அவை செய்வதில்லை. இருக்கை சாய்ந்திருந்தால் மட்டும் இந்தச் சமாதானம் செல்லாது.

அளப்பதற்குக் கைப்பேசியின் வீடியோ போதும். எதிரே நின்று எடுத்து, மூக்கு மறுபடியும் கேமராவுக்கு நேரே வருவதற்கு எவ்வளவு நேரம் என்று பார்த்தால் ஒரு சுற்றின் காலம் கிடைத்துவிடும். உராய்வு எவ்வளவு தின்றது என்பதையும் அதே படத்தில் கண்டுபிடிக்கலாம். மடக்கிய கைகளை மறுபடியும் பழைய தொலைவுக்கு நீட்டச் சொல்லுங்கள். உராய்வே இல்லாவிட்டால் வேகம் பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். முன்பு 3 வினாடிக்கு ஒரு சுற்று என்றிருந்தது இப்போது மூன்றரை வினாடியானால், ஏழில் ஒரு பங்கு இடையில் கசிந்துவிட்டது. மடக்கிய நிலையில் 58-க்குப் பதிலாக 54 அளவில் கிடைத்தால் கோட்பாட்டைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. 42-ஐ ஒட்டி வந்தால் கால் எங்கே உரசியது என்று தேட வேண்டும்.

தலைசுற்றல் தனி விவகாரம். உட்செவியில் உள்ள திரவம் உடலோடு சேர்ந்து சுழலப் பழகிவிடுகிறது. முக்காலி சட்டென்று நின்றாலும் அது கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருக்கும், மூளை ஏமாறும். ஐந்தாறு சுற்றுகளில் நிறுத்திவிட்டு, கைகளை நீட்டி வேகத்தைக் குறைத்துக்கொண்ட பிறகே இறங்க வேண்டும். பக்கத்தில் பிடிக்க ஒருவர் நிற்பதும் அவசியம்.

வகுப்பறையில் இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பார்க்கலாம். செய்து பார்க்க வேண்டாம், கால்விரல்கள் பத்திரமாக இருக்கட்டும். கைகளை நீட்டியபடியே சுழலும் மாணவன் இரண்டு டம்பெல்களையும் அப்படியே கைநழுவ விட்டால் வேகம் என்ன ஆகும்? எடை போய்விட்டது, நிலைமத் திருப்புத்திறன் குறைந்துவிட்டது, ஆகவே வேகம் கூடும் என்று பெரும்பாலும் கை உயரும். கூடாது, குறையவும் குறையாது. மாணவன் அதே 20 சுற்றில் சுழல்வான். நழுவிய டம்பெல்கள் தங்களிடமிருந்த கோண உந்தத்தைத் தங்களோடு எடுத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் பறந்துபோய் ஒரு மீட்டருக்குள் தரையில் விழும். போகும்போது அவை கையைத் தள்ளவில்லை. அதனால் உடலுக்கு எதுவும் வந்து சேரவில்லை.